விலையிலிருந்து அடக்கத்துக்கு: 500-க்கு விற்க வேண்டிய ஒரு விளக்கின் கணக்கு

பொருளைச் செய்து முடித்து, ஆன செலவைக் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்வதுதான் பெரும்பாலோர் பழகிய கணக்கு. மலிவு விலைப் பொருளில் இது எடுபடாது. அங்கே விலையை முடிவு செய்பவர் வாங்குபவர்தான். அவர் 500-க்குமேல் தரமாட்டார் என்றால், நம் அடக்கம் 480 ஆனதா 520 ஆனதா என்பது அவர் கவலை இல்லை. அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். விலை முதலில், லாபம் அடுத்து, மிச்சம் இருப்பதே நாம் செலவு செய்யலாம் என்கிற அளவு. இதை இலக்குச் செலவு முறை என்கிறோம். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் கென்கா கிகாகு, அதாவது அடக்கத்தைத் திட்டமிடுதல். 1960-களில் டொயோட்டா நிறுவனத்தில் இது முறையாக வேரூன்றியது.

சூத்திரம் ஒரே வரிதான்:

```
அனுமதித்த அடக்கம் = நம் கைக்கு வரும் விலை − வேண்டிய லாபம்
```

சூத்திரம் எளிது. வேலை முழுக்க அதைச் சுற்றியே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். பொருள், சார்ஜ் செய்து பயன்படுத்தும் சிறிய மேசை விளக்கு, இரவில் படிப்பவர்களுக்கானது. எண்களை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வரி விகிதமும் கடைக்காரர் மார்ஜினும் இடத்துக்கு இடம் மாறும்; நான் கணக்கு எளிதாக வரும் எண்களைப் போட்டிருக்கிறேன்.

முதலில் விலை

"இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டு விலையை முடிவு செய்யாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லும்போது யார் கையிலிருந்தும் பணம் போவதில்லை, அதனால் அந்தப் பதில் விலை ஆகாது. அவர்கள் இப்போது என்ன வாங்குகிறார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில், சுவரில் செருகும் சாதாரண விளக்கு 400-க்கும், சார்ஜ் செய்யும் நல்ல விளக்கு 700-க்கும் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் விளக்கை வாங்குபவர் மின்சாரம் போனாலும் எரியும் விளக்குக்கு மாற எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்பதே நம் விலை. இரண்டு பழைய விளக்குகளையும் நம் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெவ்வேறு விலைச்சீட்டு ஒட்டி, எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். 500 வரை நம்முடையதை எடுக்கிறார்கள், 550-இல் கை தயங்குகிறது என்றால், விலை 500.

இந்த 500, ஆண்டு முழுவதும் சராசரியாக வாடிக்கையாளரிடமிருந்து உண்மையில் வரும் தொகையாக இருக்க வேண்டும். தள்ளுபடி விற்பனை உண்டு, அதன் பாரம் உங்கள் தலையில்தான் என்றால், அந்த இழப்பைக் கழித்த பிறகு வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்படியாகக் கீழே இறங்குவது

500-இல் வரி அடங்கியிருக்கிறது. வரி 25% என்றால், 500-இல் 25% கழிக்கக் கூடாது. வரி போடப்பட்டது வரிக்கு முந்தைய விலைமீது. எனவே 500-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும்; 400 வரும். கழித்திருந்தால் 375 என்று தவறாக வந்திருக்கும்.

அடுத்து கடைக்காரர். அவருக்கு 25% மார்ஜின் என்றால் அது அவர் விற்கும் விலையில் 25%, அதாவது 100. அவர் 300-க்கு வாங்குவார். இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "25%" என்று கடைக்காரர் சொல்வது விற்கும் விலைமீதா, வாங்கும் விலைமீதா என்று கேட்காமல் விட்டுவிடுவார்கள். வாங்கும் விலைமீது என்று நீங்கள் நினைத்திருந்தால் 400-ஐ 1.25-ஆல் வகுத்து 320 என்று எழுதியிருப்பீர்கள். ஒரு விளக்குக்கு 20 வித்தியாசம். பின்னால் ஒரு திருகாணிக்காக மணிக்கணக்கில் வாதாடப் போகிறோம்; அந்த அளவு பணம் ஒரு சொல்லின் பொருளில் போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் 300-க்கு விற்று அதில் 10% எடுத்துக்கொள்கிறார். 30 போக, நம் கைக்கு வருவது 270.

இப்போது லாபம். நிறுவனத்துக்கு விற்பனையில் 10% வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். 27 எடுத்து வைத்தால் மிச்சம் 243. லாபத்தை இந்த இடத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சுவது லாபம் என்று விட்டால், ஒன்றும் மிஞ்சாது.

243 முழுவதும் தொழிற்சாலைக்கு இல்லை. அலுவலகச் செலவும் விற்பனைச் செலவும் 26. டிஸ்ட்ரிபியூட்டர் வரை சரக்கு அனுப்ப 9. வாரண்டியில் திரும்பி வருவதற்கு 8. வடிவமைப்புக்கும் பிளாஸ்டிக் அச்சுகளுக்கும் (மோல்டு) மொத்தம் 10,00,000 ஆகிறது. 50,000 விளக்கு விற்போம் என்று பார்த்தால் ஒன்றுக்கு 20. எல்லாம் சேர்த்து 63. இதையும் கழித்தால் 180. பொருள், அசெம்பிளி, பேக்கிங் மூன்றும் இந்த 180-க்குள் அடங்க வேண்டும். கடையில் 500-க்கு விற்கும் பொருளுக்கு நம்மிடம் இருப்பது 180 மட்டுமே. முதல் முறை இந்தக் கணக்கைப் போடுபவர் யாரும் கொஞ்சம் அதிர்ந்துதான் போவார்கள்.

இடைவெளியைப் பார்ப்பது

இப்போது பொறியாளர்கள் வரைந்து வைத்திருக்கும் விளக்குக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுகிறோம். பேட்டரி 52. மின்சுற்றுப் பலகை, சுவிட்ச், சார்ஜ் போர்ட், வயர் எல்லாம் சேர்த்து 56. எல்.ஈ.டி.யும் அதன்மேல் ஒளியைப் பரப்பும் மூடியும் 18. உடல், கை, அடிப்பாகம் 70. அசெம்பிளியும் சோதனையும் 20. பேக்கிங் 12. கூட்டினால் 228. 48 அதிகம்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனை வரும்: எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. அதைச் செய்யாதீர்கள். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினால் விளக்கு எரியும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். அதற்காகத்தான் வாடிக்கையாளர் இந்த விளக்கையே வாங்குகிறார். எங்கே வெட்டினால் அவருக்கு வலிக்காது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஓர் எளிய வழி உண்டு. வாங்கக்கூடிய இருபது, இருபத்தைந்து பேரை அழைத்து, ஆளுக்கு 100 புள்ளி கொடுத்து, விளக்கு செய்ய வேண்டிய வேலைகளுக்குப் பங்கிடச் சொல்லுங்கள். உதிரிபாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். "பேட்டரி" வேண்டாம், "ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் எரிகிறது" என்று எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் சராசரி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: எரியும் நேரத்துக்கு 40, புத்தகப் பக்கத்தில் விழும் வெளிச்சத்துக்கு 35, வைத்த இடத்தில் அசையாமல் நிற்பதற்கு 12, தோற்றத்துக்கு 10, வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் வசதிக்கு 3.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். நிற்பதற்கும் தோற்றத்துக்கும் சேர்த்து மக்கள் கொடுத்தது 22 புள்ளி. அந்த வேலைகளைச் செய்யும் உடலுக்கும் கைக்கும் 180-இல் நாம் செலவழிப்பது 70, அதாவது 39%. நிறம் மாற்றும் வசதி தொடு சுவிட்சோடு சேர்த்து 19 சாப்பிடுகிறது. 180-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல், வாங்குபவர் கொடுத்ததோ மூன்றே புள்ளி. கை வைக்க வேண்டிய இடம் இவை இரண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெளிச்சத்துக்கு 35 புள்ளி வந்ததால் எல்.ஈ.டி.க்கு 180-இல் 35% செலவழிக்க வேண்டும் என்று பொருள் இல்லை. நல்ல வெளிச்சம் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷம். எங்கே தேடலாம் என்று காட்டுவதோடு புள்ளியின் வேலை முடிந்தது.

வெட்டுவது, ஒரு இடத்தில் கூட்டுவது

இனி ஒவ்வொரு பாகத்திடமும் "நீ என்ன வேலை செய்கிறாய், அதே வேலையை வேறு எப்படிச் செய்யலாம்?" என்று கேட்கும் கட்டம். மதிப்புப் பொறியியல் என்பது இதுதான். 1940-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் லாரன்ஸ் மைல்ஸ் என்பவர் வகுத்த முறை.

நிறம் மாற்ற வேண்டுமானால் மஞ்சள் ஒளிக்கு ஒரு வரிசை, வெள்ளை ஒளிக்கு ஒரு வரிசை என இரட்டை எல்.ஈ.டி. வேண்டும், பலகையில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டும் சுற்று வேண்டும், தொடு சுவிட்சுக்குத் தனிச் சில்லு வேண்டும். ஒரே நிறம், இரண்டு அளவு வெளிச்சம், ஓர் அழுத்து சுவிட்ச் என்று மாற்றினால் பலகையில் 16, எல்.ஈ.டி.யில் 3 மிச்சம்.

அடுத்து கை. முதல் வரைபடத்தில் இரண்டு இடத்தில் மடங்கும் கை இருந்தது. முன்பக்கம் அவ்வளவு பாரம் நீள்வதால் விளக்கு கவிழாமல் இருக்க அடியில் ஓர் இரும்புத் துண்டு. கையை ஒரே மடிப்பாக்கினால் 14 குறைகிறது. அதோடு நிற்கவில்லை. பேட்டரியைத் தலையிலிருந்து எடுத்து அடிப்பாகத்தில் வைத்தோம். பேட்டரியே எடைக்கல் ஆகிவிட்டதால் இரும்புத் துண்டு தேவைப்படவில்லை. இன்னொரு 5. நல்ல செலவுக் குறைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ஏற்கெனவே காசு கொடுத்து வைத்திருக்கும் ஒரு பாகத்துக்கு இரண்டாவது வேலை கொடுப்பது. சப்ளையரிடம் பேரம் பேசி இந்த 5 கிடைத்திருக்காது.

பிளாஸ்டிக் சுவரின் தடிமனை 2.5 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆக்கினோம். பொருள் குறைவது ஒரு லாபம்தான், ஆனால் பெரிய லாபம் வேறு. அச்சுக்குள் பிளாஸ்டிக் குளிர ஆகும் நேரம் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தோடு கூடும். 6.25-க்குப் பதில் 4 என்றால், குளிரும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதே இயந்திரம் மணிக்கு அதிக உடல் வார்க்கும். இதில் 6. பக்கங்களைத் திருகாணி இல்லாமல் ஒன்றில் ஒன்று மாட்டும் கொக்கியாக மாற்றியதால் அசெம்பிளியில் 4 குறைந்தது. பேட்டரி மூடியில் மட்டும் இரண்டு திருகாணிகளை விட்டுவைத்தோம். அதையும் கொக்கியாக்கினால் பேட்டரியை மாற்றத் திறக்கும்போது உடைந்துபோகும்.

ஒரு பாகத்தில் செலவைக் கூட்டினோம். மாதிரியை வைத்துப் படித்தவர்கள் கண் கூசுகிறது என்றார்கள். 35 புள்ளி வாங்கிய வேலை அது. எல்.ஈ.டி. மூடிக்கு நல்ல பால்நிறப் பொருள் போட 4 அதிகம் ஆனது, போட்டோம். பேட்டரியைத் தொடவில்லை. குறிப்பாக, அதிக சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று பேச்சுவார்த்தைக்கே வரக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் பொருள். எவ்வளவு மலிவுப் பொருளானாலும் இது மாறாது.

ஒரே மடிப்பு என்பதால் விளக்கு தட்டையாக மடிகிறது. பெட்டி சிறிதானது, பேக்கிங்கில் 1 குறைந்தது. இதுவரை குறைத்தது 49, கூட்டியது 4. 228 இப்போது 183. இன்னும் 3 அதிகம்.

அந்த 3 தொழிற்சாலைக்கு வெளியே கிடைத்தது. பழைய பெட்டி என்றால் ஓர் அட்டைப்பெட்டியில் 20 விளக்கு பிடிக்கும், புதியது 30. சரக்குக் கட்டணம் அடைக்கும் இடத்துக்குத்தான் என்பதால், ஒன்றுக்கு 9 ஆக இருந்தது 6 ஆனது. 63 இப்போது 60. தொழிற்சாலைக்கு அனுமதித்த அடக்கம் 183. இடைவெளி முடிந்தது. ஆகவே, பாகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் விலைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே கழித்த ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாருங்கள்.

வெட்டக் கூடாததை வெட்டினால்

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதேபோன்ற ஒரு பொருளுக்கு மலிவான சார்ஜ் போர்ட் போட்டோம். இலக்கை எட்டிவிட்டோம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களில் போர்ட் ஆட ஆரம்பித்து, சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்கள் திரும்பி வந்தன. அந்த வலி இன்னும் மறக்கவில்லை, அதனால் இப்போது எந்த மலிவுப் பாகத்தையும் வாரண்டிக் கணக்கில் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

நம் விளக்கிலேயே பாருங்கள். திரும்பி வரும் ஒரு விளக்குக்கு மாற்று விளக்கு, போக்குவரத்து, ஆள் வேலை எல்லாம் சேர்த்து 200 ஆகிறது. 100-க்கு 4 திரும்பும் என்று வைத்துத்தான் ஒன்றுக்கு 8 ஒதுக்கினோம். விலை 2 குறைவான போர்ட்டால் 100-க்கு 6 திரும்பினால் ஒதுக்க வேண்டியது 12. இரண்டு மிச்சம் பிடித்து நான்கு இழக்கிறோம். பாகத்தின் விலைப்பட்டியலில் மிச்சம் மட்டும்தான் தெரியும், இழப்பு தெரியாது. எனவே செருகிக் கழற்றும், அழுத்தும், மடக்கும் பாகங்களை ஒப்புக்கொள்ளும் முன், ஆயிரக்கணக்கான முறை இயக்கிச் சோதித்த முடிவைக் கேளுங்கள்.

சப்ளையரிடம் போகும்போது

ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் இலக்கைப் பிரித்துக் கொடுத்த பிறகே போக வேண்டும். "பலகைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் அவர் தன் விலையைச் சொல்வார், அதிலிருந்து பேரம் தொடங்கும். "சுவிட்ச், போர்ட், வயரோடு சேர்த்து 40, இந்த வேலை செய்ய வேண்டும், வரைபடத்தில் எதை மாற்றினால் உங்களால் முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பலகையை இன்னும் சிறிதாக்கினால் ஒரே தகட்டிலிருந்து அதிகம் வெட்டலாம், இந்தப் பாகத்துக்குப் பதில் நாங்கள் மொத்தமாக வாங்கும் அந்தப் பாகத்தைப் போடுங்கள் என்று அவரே சொல்வார். வரைபடம் முடியும் முன் போனால்தான் இந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. அச்சு செய்த பிறகு போனால் அவரிடம் கேட்க முடிந்தது அவருடைய லாபத்தை மட்டும்தான்.

கொட்டேஷனில் எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். 50,000-க்குத் தந்த விலை 5,000 வாங்கும்போது கிடைக்காது. முதல் ஆர்டர் உண்மையில் எத்தனையோ, அந்த எண்ணிக்கைக்கான விலையையும் எழுதி வாங்குங்கள்.

கணக்கு நழுவாமல் காப்பது

ஒரு தாள் போதும். பாகம், அதன் இலக்கு, இப்போதைய மதிப்பீடு, பொறுப்பாளர் பெயர், இவ்வளவே. வாரா வாரம் புதுப்பியுங்கள். யாராவது "சின்னதாக ஒரு காட்டி விளக்கு சேர்க்கலாம், ஒன்றரைதான் ஆகும்" என்பார். சரி, சேர்க்கலாம், அதே ஒன்றரையை வேறெங்கே குறைக்கிறோம் என்று அவரே சொல்லிவிட்டுச் சேர்க்கட்டும். லாபமான 27-இலிருந்து மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. இலக்கை எட்டாத பொருள் அச்சுக்குப் போகக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "வெளியே விட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்பவரிடம் எதைக் குறைப்பது என்று கேளுங்கள். கை மடிப்பும் சுவர்த் தடிமனும் இரும்பு அச்சில் வெட்டப்பட்ட பிறகு, மாற்ற முடிவது பெரும்பாலும் அட்டைப்பெட்டிதான்.

அச்சுக்குக் கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒன்றைச் சோதியுங்கள். 50,000 விற்போம் என்றோமே, 30,000 மட்டும் விற்றால் என்ன? 10,00,000-ஐ 30,000-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 20-க்குப் பதில் 33 ஆகிறது. 13 கூடுதல், 27 லாபத்தில் பாதி போய்விடும். 50,000-இல் நம்பிக்கை இல்லையென்றால், ஒரு முறைக்கு நான்கு உடல் வார்க்கும் அச்சுக்குப் பதில் ஒன்றோ இரண்டோ வார்க்கும் மலிவான அச்சை எடுக்கலாம். அப்போது ஓர் உடலின் வார்ப்புச் செலவு கூடும், 183 மீறும், அந்தக் கூடுதலுக்கு மறுபடி இடம் தேட வேண்டும். இரண்டு அச்சுக்கும் தனித்தனியாக 500-இலிருந்து கணக்கை இறக்கிப் பார்த்து, 30,000-இலும் லாபம் நிற்கும் அச்சுக்கு ஆர்டர் கொடுங்கள்.